எழுபத்திரண்டு பேலட்டுக்கு மூன்று கடிதம்

மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருணில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்குக் கொடுப்பவர்களுக்குப் பணம் போடுவது என் வேலை. பணத்தைக் குறைத்துப் போட்டால், ஏன் குறைத்தோம் என்று கடிதம் எழுதுவதும் என் வேலைதான். திட்டு வாங்குவதும் நானே. குறைக்கச் சொன்னவன் மேலே குளிர்சாதன அறையில் இருப்பான்.

ஓட்டுப் பெட்டிகளை அடுக்கி ஏற்றும் மரத்தட்டுதான் பேலட். அதை எங்களுக்குக் கொடுப்பவர் கரங்கான் ஊரில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். ரப்பர் மரத்துப் பலகையை வாங்கி ஆணியடித்து அனுப்புவார். வேலைக்கு ஆறு பேர். அந்தத் தடவை முந்நூறு பேலட் அனுப்பினார், ஒன்று முப்பத்தெட்டு ரிங்கிட். எழுபத்திரண்டைச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு ரிங்கிட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டேன். கடிதத்தில் 'ஈரம் அதிகம், பூஞ்சை, 72 நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன். ஒரு வரி. எப்போதும் அப்படித்தான் எழுதுவோம்.

அன்று மத்தியானமே போன் வந்தது.

"தங்கச்சி, இது என்னா கடுதாசி? ஈரம்னா எவ்வளவு ஈரம்? யாரு பாத்தா? எதுல பாத்தா? எம் பசங்களுக்கு வியாழக்கிழம சம்பளம் போடணும். நீங்க புடிச்ச காசுதான்மா அவனுங்க சம்பளம்."

"அண்ணே, நான் விவரமா எழுதி அனுப்பறேன்."

"விவரம் இல்லாமலா காச வெட்டினீங்க?"

அவர் கேட்டது நியாயம். சோதனைப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்த மலாய்ப் பெண் ஒளிக்காமல் எல்லாம் காட்டினாள். ஈரமானியின் இரண்டு ஊசியையும் பலகையில் குத்த வேண்டும். ஒரு பேலட்டில் மூன்று இடம். இருபது சதவீதத்துக்கு மேல் போனால் தள்ளுபடி. அந்த எழுபத்திரண்டும் இருபத்தாறு, இருபத்தொன்பது என்று காட்டியிருக்கின்றன. மேலே கருநீலப் பூஞ்சை வேறு. எண்ணில் தப்பில்லை. தேதியைப் பார்த்தேன். சரக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. சோதித்தது வியாழக்கிழமை.

"ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"மீட்டரைச் சரிபார்க்க அனுப்பியிருந்தாங்க, காக். புதன் சாயங்காலம்தான் வந்துச்சு." அக்காவைத்தான் மலாயில் காக் என்பார்கள்.

"அதுவரைக்கும் பேலட் எங்கே இருந்துச்சு?"

அவள் சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். ஸ்டோர் நிறைந்திருந்ததால் கடைசி லாரியில் வந்த பேலட்டை வெளியே திறந்த இடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். "ஊஜான், காக்," என்றாள். மழை. திங்கள் ராத்திரி பிடித்த மழை புதன் வரை விடவில்லை. அது எனக்கே தெரியும், என் வீட்டுத் துணி காயவில்லை. உள்ளே இருந்த இருநூற்று இருபத்தெட்டும் காய்ந்தே இருந்தன. வெளியே இருந்த எழுபத்திரண்டுதான் நனைந்தவை. கணக்குப் படிக்காதவனுக்கும் விளங்கும்.

எங்கள் கம்பெனி கொடுத்த ஆர்டரிலேயே இருக்கிறது: சரக்கு இறங்கி இரண்டு வேலை நாளுக்குள் சோதிக்க வேண்டும். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அப்படியென்றால் செவ்வாய்க்கு மேல் தாண்டியது எங்கள் தவறு.

இரண்டாவது கடிதம் எழுதினேன். சரக்கு வந்த தேதி, வைத்த இடம், மழை, சோதித்த தேதி, மூன்று இடத்து அளவு, எல்லாம் போட்டேன். கையெழுத்துக்கு மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவரும் நம் ஆள்தான், தமிழர். படித்தார். சிரித்தார்.

"என்னம்மா, அவருக்கு லாயரா நீ? மழ பேஞ்சதெல்லாம் எதுக்கு?"

"பேஞ்சுது சார்."

"பேஞ்சா? அவரு இன்ஸ்பெக்‌ஷன் விவரம் கேட்டாரு. அளவ குடு, போதும். வானிலை அறிக்கை யாரு கேட்டா?"

"அப்ப தேதியாவது இருக்கட்டும் சார். தேதி இல்லாம அது சோதனையே இல்ல."

இவளோடு பேசி நேரம் வீணாகும் என்று நினைத்திருக்க வேண்டும். மழையையும் வைத்த இடத்தையும் அடித்தார். தேதி இரண்டையும் விட்டுவிட்டார். எனக்கு அது போதும் என்று பட்டது. ஞாயிறுக்கும் வியாழனுக்கும் இடையில் என்ன நடந்தது என்று அண்ணன் கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. ஆர்டரைக் காட்டினாலே பணத்தைக் கொடுத்தாக வேண்டும். கடிதத்தை அனுப்பிவிட்டு, சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரட்டும் என்றுதான் இருந்தது.

வந்தார். மறுநாள் காலையிலேயே. சட்டையெல்லாம் மரத்தூள். சத்தம் மட்டும் போடவில்லை.

"பாத்தேன் தங்கச்சி. தேதிய பாத்தேன். மழையில கிடந்துச்சுன்னு லாரிக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான்."

"பெறகு என்னண்ணே? மேல போய் கேளுங்க. ஆர்டர்ல ரெண்டு நாளுன்னு இருக்கு. நான் பிரிண்ட் எடுத்துத் தரேன்."

"கேக்கலாம். கேட்டா இந்தக் காசு வரும். அடுத்த ஆர்டர் வருமா? பண்டார் பாரு பக்கம் ஒருத்தன் பேலட்ட முப்பத்தஞ்சுக்குத் தரேன்னு சுத்திக்கிட்டு இருக்கான் லா."

அவரே தொடர்ந்தார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தத் தேதிய எடுத்துட்டு வேற ஒண்ணு அடிச்சுக் குடுங்க. பூஞ்சை, ஈரம், பலக சரியில்ல, அது மட்டும் போதும்."

"ஏன்?"

"பலக அறுத்துக் குடுத்த சாமில்காரன்ட்ட காட்டணும். பூஞ்ச மருந்து சரியா ஏத்தாமக் குடுத்துட்டான்னு அவன் பில்லுல கழிச்சுக்குவேன். தேதி இருந்தா அவன் புடிச்சுக்குவான்."

"அண்ணே, அவன் பலக நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. எம் பேலட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க மேனேஜரு கேட்டாரா?"

"அந்த ஆளு என்ன பண்ணுவான்?"

"அவனும் எங்கயாச்சும் கழிப்பான். மரம் வெட்டுறவனுங்க இருக்கானுங்கல்ல." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன அப்பிடிப் பாக்காதீங்க தங்கச்சி. மாதா சத்தியமா எனக்கும் புடிக்கல. ஆறு பேரு வீட்டுல அரிசி வாங்கணும்."

முடியாது, மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் அது, என்றேன். அண்ணன் தன் போனை எடுத்து மேலே மேனேஜரிடம் பேசினார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, என் மேசையில் இருந்த போன் அடித்தது.

"அவரு கேக்கற மாதிரியே அடிச்சுக் குடும்மா. பாத்தியா, அவருக்கே அந்தத் தேதி வேணாமாம். நீதான் பெருசா பேசின."

கொடுத்தவருக்கும் வேண்டாம், வாங்கியவனுக்கும் வேண்டாம். அந்த இரண்டு தேதியும் இருக்க வேண்டும் என்று நினைத்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான். எனக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுந்து நிற்கலாம். நின்றால், பக்கத்து மேசைப் பெண் அதே கடிதத்தை இரண்டு நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பாள். என் வீட்டுக் காருக்கு மாதத் தவணை இருக்கிறது.

மூன்றாவது கடிதம் அடித்தேன். முதல் கடிதத்தைவிடக் கொஞ்சம் நீளம், பொய் என்று காட்ட ஒரு சொல்லும் கிடையாது. அளவு சரி. பூஞ்சை சரி. எண்ணிக்கை சரி. தொகை சரி. 'பலகையின் தரம் குறைவு' என்பது மட்டும் அவர் சொல்லச் சொல்லச் சேர்த்தது. மேலே போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். மேனேஜர் இந்தத் தடவை படிக்கவே இல்லை.

அண்ணன் நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது. தூசி படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"கம்பெனி சாப் அடிக்கலியே தங்கச்சி. சாப் இல்லாட்டி அவன் நம்ப மாட்டான்."

கம்பெனி முத்திரையை எடுத்து அடித்தேன். மை மங்கலாக விழுந்தது.

"இன்னொரு தடவ," என்றார்.

அழுத்தி அடித்தேன்.