அனுபவம் போதவில்லை என்று எழுதினேன்

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதத்தில் எனக்கு ஒரு லட்சியம் இருந்தது: யாரையும் காயப்படுத்தாமல் நிராகரிப்பது. எண்ணூர் போகும் சாலையில், பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு கிடங்கில், மனிதவளப் பிரிவில் நான்தான் கடைக்குட்டி. நேர்காணலுக்கு வந்தவர்களுக்குப் பதிலே போடாத அலுவலகங்களைக் கண்டு எனக்கு ஆத்திரம். என் நண்பர்கள் மாதக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை அறிவேன். அதனால் என் கடிதம் மரியாதையாக இருக்கும், காரணம் சொல்லும், மறுபடி வாருங்கள் என்று அழைக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அந்த முறை நாங்கள் தேடியது காவல் ஆளை. திருடனுக்குக் காவல் இல்லை. தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவருக்குக் காவல். ஒருவர் உள்ளே இருக்கும்வரை, தொட்டியின் வாயருகே உட்கார்ந்து, போனவர் வந்தவர் பெயரை எழுதி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து டீக்குடிக்கக்கூடப் போகக் கூடாது.

பதினோரு பேர் வந்தார்கள். எங்கள் பாதுகாப்பு அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: உள்ளே இருக்கிறவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வாய்?

வியாசர்பாடியிலிருந்து வந்த ஒருவர், முப்பது வயதிருக்கும், தேய்த்த சட்டை, கையில் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்கள். யோசிக்கவே இல்லை.

"குதிச்சிடுவேன் சார். இன்னா கேள்வி இது. கூட வேல செய்றவன் சார்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டார். வந்தவர் போனபிறகு அதிகாரி எனக்கு விளக்கினார். உள்ளே ஆளை விழவைத்த கெட்ட காற்று, காப்பாற்றப் போகிறவனையும் விழவைக்கும். வெளியே இருப்பவன் வெளியே இருந்தே ஆக வேண்டும். அலாரத்தை அடிக்க வேண்டும், இறங்கியவர் உடம்பில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். குதிப்பேன் என்பவருக்கு அந்த நாற்காலியைத் தர முடியாது. அன்று அப்படிச் சொன்னவர்கள் மூன்று பேர்.

நான் உற்சாகமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உண்மைக் காரணத்தை இரண்டு வரியில் வைத்தேன். எங்கள் பிரிவு மேலாளர் அதை அடித்துவிட்டார். காரணம் எழுதினால் சண்டைக்கு வருவார்கள், அதை வைத்துக்கொண்டு கேஸ் போடுவார்கள் என்பது அவர் கட்சி. சரி, காரணமே இல்லாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. யாருக்கும் வலிக்காத ஒன்றைத் தேடினேன். "தங்களைவிடக் கூடுதல் அனுபவம் உள்ளவரைத் தேர்வு செய்துள்ளோம். இத்துறையில் அனுபவம் பெற்று ஆறு மாதத்துக்குப் பிறகு அவசியம் மீண்டும் விண்ணப்பியுங்கள்." மேலாளர் தலையசைத்தார். என் போனிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பினேன். குதிப்பேன் என்ற மூன்று பேருக்கும் அதே வரிகள். வியாசர்பாடிக்காரர் கும்பிடும் கை படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வியாசர்பாடிக்காரர் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மேடம், நீங்க சொன்னாமாரியே எக்ஸ்பீரியன்ஸுக்கு சேந்துட்டேன். மணலி பக்கம் ஒரு கான்ட்ராக்டரு. அதே வேலதான், தொட்டி வாய்ல ஒக்கார்றது. ஆறு மாசம் முடிச்சிட்டு நேரா உங்க கேட்டுலதான் வந்து நிப்பேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தொட்டிகள் வெயிலில் வெள்ளையாக நின்றன. அதுவரை அவற்றைப் பார்த்து நான் பயந்ததில்லை.

அங்கே என்ன தொட்டி என்று கேட்டேன். தரைக்குள் புதைத்த கழிவு எண்ணெய்த் தொட்டி, வருஷக்கணக்காக மூடிக் கிடக்கிறது, திங்கட்கிழமைதான் திறக்கிறார்கள் என்றார். அப்போது உண்மையைச் சொன்னேன். அனுபவம் காரணமே இல்லை, குதிப்பேன் என்று சொன்னதுதான் காரணம் என்று.

"அப்போ செத்துகினு கீறவன வேடிக்க பாக்க சொல்றீங்களா?"

இல்லை என்று, அதிகாரி எனக்குச் சொன்னதை வேகவேகமாக ஒப்பித்தேன். காற்றைப் பற்றி, அலாரத்தைப் பற்றி, கயிற்றைப் பற்றி. முழுக்கக் கேட்டார். பிறகு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"இங்க அலாரம் இல்ல மேடம். கயிறும் கெடயாது. காத்து பாக்கற மிஷினு எதுவும் நான் பாக்கல. வெளிய நின்னுகினு யாரக் கூப்பிட்றது?"

நான் கற்றுக்கொண்ட சரியான விடை எங்கள் சுற்றுச்சுவருக்குள் மட்டும்தான் சரி.

"அப்படின்னா யாரையும் உள்ள எறங்க விடாதீங்க" என்றேன். "அதுவும் உங்க வேலைதான்."

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் வீட்டில் இருந்தேன். ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம் எந்தத் திசை என்று காதைக் கொடுத்தேன். நாளைக்குத்தான் திறக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் கணினியைத் திறக்கும்போதே அவர் கூப்பிட்டார். பேருந்து நிறுத்தத்தில் நிற்பதாகச் சொன்னார். மூடி மேலேயே உட்கார்ந்துகொண்டு, கயிறு வந்தால்தான் எழுந்திருப்பேன் என்றிருக்கிறார். பேஜாரு புடிச்சவன், பெரிய தொல்லை என்று திட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நிம்மதியில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"என் எடத்துல வேற ஆள ஒக்கார வெச்சிட்டாங்க மேடம். எண்ணூர் பையன். என்னாண்ட போன்ல ஒண்ணு காட்னான். உங்க லெட்டரு. அதே லெட்டரு."

நேர்காணல் கோப்பை எடுத்துப் புரட்டினேன். கோடு போட்ட மூன்று தாள்களில் ஒன்றில் எண்ணூர் முகவரி. பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினார். நான் தாளில் இருந்த எண்ணை அழுத்தினேன்.

முழுக்க அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. நாலாவது முறை எடுத்தார். பின்னால் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம்.

யார் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"தொறந்தாச்சு மேடம். ஒரு அண்ணன் இப்பதான் ஏணில கால வெச்சாரு. எதுனா வேல இருக்கா மேடம்? வரட்டா?"

"அவர மேல வரச் சொல்லுங்க. நீங்க உள்ள போவாதீங்க. வெளிய நின்னே கூப்பிடுங்க. இப்பவே."

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் கூவுவது போனில் தூரமாகக் கேட்டது. அண்ணா, அண்ணா, மேல வா. பதில் இல்லை. தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மறுபடி கூவினார். நான் எண்ணத் தொடங்கி, எட்டுக்கு மேல் எண்ண முடியாமல் நிறுத்தினேன்.

பிறகு ஏணி கிறீச்சிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் ஏறி வந்தது.

"எறங்குன்றான் ஒருத்தன், ஏறுன்றான் ஒருத்தன். தல வேற சுத்துது. இன்னாடா ஒனக்கு?"

அவ்வளவு அழகான வசவை நான் அதுவரை கேட்டதில்லை. எண்ணூர்க்காரர் போனைக் காதுக்குக் கொண்டு வந்தார்.

"வந்துட்டாரு மேடம். இப்ப சொல்லுங்க, இன்னா விஷயம்?"

அவருடைய தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, மேலாளர் அடித்துவிட்ட அந்த இரண்டு வரியைச் சொல்லத் தொடங்கினேன்.