மூன்று கிலோ கற்பூரம்

எண்பதுகளில் திருவண்ணாமலையில் ஒரு கற்பூர வில்லைப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கற்பூரத் தூளை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எத்தனை கிலோ என்று உடனே ஸ்டோர் அட்டையில் எழுதிவிடுவேன். அந்த மாதம் கொடுத்தது நூற்று அறுபத்தேழு கிலோ.

கணக்குப்பிள்ளை என் அட்டையைத் தொடவே மாட்டார். மாதக் கடைசியில் இருப்பை நிறுப்பார், அவ்வளவுதான். முதல் தேதி இருப்பு நாற்பது, வாங்கியது நூற்று அறுபது, மிச்சம் முப்பது. "அப்போ செலவானது நூத்தி எழுபது" என்று முடித்துவிட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மூணு கிலோ எங்கய்யா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "என் அட்டை நான் குடுத்ததைத்தாங்க சொல்லும். இவரு கணக்குல காணாமப் போனதும் செலவுதான். வந்து பாருங்க" என்று இருவரையும் ஸ்டோருக்கு அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்ததும் அவர்கள் கண்ணில் நீர் முட்டியது. ஒரு நாளைக்குப் பத்து தடவை எடுத்து எழுத வேண்டுமே என்று டின்களை நான் மூடுவதே இல்லை. கற்பூரம் காற்றோடு போயிருந்தது.

"மூடி வெச்சுத் தொலைய்யா" என்றார் முதலாளி.

மாதச் செலவு நூற்று எழுபது என்றே கணக்கில் நின்றது. அதில் மூன்று கிலோவைச் செலவழித்தது என் மூக்கு.