கையில் வாங்காத பங்குகள்

எண்பதுகளின் நடுவில் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்து வருமான வரி வழக்குகள் பார்க்கத் தொடங்கினேன். சட்டம் படித்த பெண் கோர்ட்டுக்குப் போகாமல் கணக்கு பார்க்கிறாளே என்று இண்டூரில் எங்கள் சொந்தக்காரர்களுக்குக் குறை. எனக்கு அதில்தான் பிடிப்பு. ஆனால் முதல் வருடம் வந்தவர்கள் எல்லாம் சின்னக் கடைக்காரர்கள்தான். பெரிய வழக்கு என்று வந்தது இரும்புக்கடை பாயினுடையது.

கம்பியும் தகடும் விற்கிற கடை அவருடையது. ஊரில் நல்ல பெயர். அந்த வருடங்களில் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போனது. பெங்களூருக்குச் சரக்கெடுக்கப் போனவர், அங்கே ஒரு புரோக்கர் ஆபீசில் உட்கார ஆரம்பித்துவிட்டார். காலையில் வாங்குவார், விலை அசைந்ததும் மதியத்துக்குள் விற்றுவிடுவார். முதலில் லாபம் வந்தது. பிறகு சந்தை சரிந்தபோது, ஏறும் ஏறும் என்று நம்பி, போன நாளெல்லாம் இழந்தார். கடையின் கணக்குப்பிள்ளை அந்த மொத்த நஷ்டத்தையும் இரும்பு லாபத்தில் கழித்துக் காட்டி, உரிய காலத்தில் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டார். வரி கட்டவே வேண்டாம் என்கிற அளவுக்குக் கணக்கு இறங்கியிருந்தது. சேலம் வருமான வரி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்த பிறகுதான் பாய் என் மாடிப்படி ஏறினார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இரும்பில் போனாலும் பணம், ஷேரில் போனாலும் பணம். இரண்டும் அவர் கையை விட்டுத்தான் போனது. ஒன்றைக் கழிக்கலாம், இன்னொன்றைக் கழிக்கக் கூடாதா?

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாய், நீங்க வாங்குன அந்த ஷேர் பத்திரத்தைக் கையில தொட்டீங்களா?"

"எங்கம்மா தொடறது? முக்காவாசி காலையில வாங்கி மத்தியானம் வித்தாச்சு. கூடக்கொறைய வந்த வித்தியாசத்தைத்தான் புரோக்கர் கணக்குப் பண்ணுவாரு."

சட்டம் பார்ப்பதும் அதைத்தான் என்றேன். பங்கு உண்மையில் கைமாறாமல், வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கித் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஊக வணிகம். அது இரும்பு வியாபாரம் போல இல்லை, தனி வியாபாரமாகவே எண்ணப்படும். அதன் நஷ்டத்தை வேறொரு ஊக லாபத்தில்தான் கழிக்கலாம். ஏன் இப்படி வைத்தார்கள் என்றும் சொன்னேன். சரக்கு நகராத இடத்தில் நஷ்டத்தை உண்டாக்குவது சுலபம். மார்ச் மாதம் நெருங்கும்போது, நல்ல லாபம் பார்த்தவர்கள் ஒரு புரோக்கரைப் பிடித்து, காகிதத்தில் நஷ்டத்தை வாங்கி வரியைத் துடைத்துவிடுவார்கள். அந்தக் கதவை மூடத்தான் சட்டம் இந்த நஷ்டத்தை வேலி போட்டுத் தனியாக வைத்தது. அதில் பாய் மாதிரி உண்மையாகவே இழந்தவரும் சிக்கிக்கொள்கிறார்.

அவர் முகம் இறுகிப்போனது. சேலத்தில் பெரிய ஆடிட்டர் யாரிடமாவது போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார்.

ஒவ்வொரு பேரத்துக்கும் புரோக்கர் எழுதிக் கொடுத்த கான்ட்ராக்ட் நோட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. எல்லாமே அன்றன்றைக்கு முடித்தவை அல்ல. சில பங்குகளைப் பணம் கட்டி வாங்கி, பத்திரங்களைக் கையில் பெற்று, சில வாரம் வைத்திருந்து, பிறகு பத்திரத்தையே கொடுத்து நஷ்டத்துக்கு விற்றிருந்தார். அப்படி அடிக்கடி வியாபாரமாகவே செய்திருந்தார். அந்த நஷ்டம் ஊக நஷ்டம் ஆகாது. அதை இரும்பு லாபத்தில் கழிக்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பகுதியை ஒரு பைசா விடாமல் வாங்கித் தருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

விசாரணை நாளில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சேலம் போய்ச் சேர்ந்தேன். அதிகாரி மரியாதையான மனிதர். ஆனால் ஷேர் என்ற சொல்லைக் கேட்டதுமே மொத்தத்தையும் ஊக நஷ்டம் என்று ஒதுக்கிவிடும் எண்ணத்தில் இருந்தார். அன்றன்றைக்கு முடித்தவற்றைப் பற்றி நான் வாதாடவே இல்லை, அவை ஊக வணிகம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்திரம் கைமாறியவற்றை மட்டும் பிரித்து அவர் முன் வைத்தேன்.

"டெலிவரி எடுத்தாருங்கிறதுக்கு அத்தாட்சி வேணும்மா. கான்ட்ராக்ட் நோட்ட மட்டும் வெச்சு நான் ஒத்துக்க முடியாது" என்றார். அவகாசம் கேட்டேன், கொடுத்தார்.

மறுவாரம் பாயும் நானும் பெங்களூர் பஸ் ஏறினோம். பெண் தனியாக ஒரு கட்சிக்காரரோடு வெளியூர் போவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. காது கொடுக்கவில்லை. புரோக்கர் ஆபீசில், பங்குகளின் எண்கள் குறித்த டெலிவரி ரசீதுகளின் நகல்களைத் தேடி எடுக்கவே மதியம் தாண்டிவிட்டது. கிடைத்தவை கான்ட்ராக்ட் நோட்டுகளோடு அப்படியே பொருந்தின. எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது.

அப்போதுதான் அந்தப் புரோக்கர், தமிழும் கன்னடமும் கலந்து, மெதுவாக ஒன்று சொன்னார். மீதி நஷ்டத்துக்கும் இதே மாதிரி ரசீது போட்டுத் தர முடியும், பழைய தேதியிலேயே, நிறையப் பேருக்குச் செய்திருக்கிறாராம்.

நான் வாய் திறக்கும் முன் பாயைப் பார்த்தேன். கட்டப்போகும் வரிக்காகக் கடை வேனை விற்க வேண்டியிருக்கும் என்று பஸ்ஸில்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படிப் பொய்யாக ரசீது தயாரித்தால் நான் வழக்கை விட்டுவிடுவேன் என்பது எனக்கு நிச்சயம். அவருக்கு அது தெரியாது.

"வேணாங்க" என்றார். "வாங்காத சரக்குக்கு என் கடையில பில்லு போட்டதில்ல. இங்கயும் போட வேணாம்."

புரோக்கர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார்.

சேலத்தில் அதிகாரி ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டெலிவரி எடுத்த பங்குகளின் நஷ்டத்தை வியாபார நஷ்டமாக ஏற்று, இரும்பு லாபத்தில் கழிக்க அனுமதித்தார். மீதியை ஊக நஷ்டம் என்று தனியே கணக்கிட்டு ஆணையில் எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதினார். எழுதியிருந்தால்தான் பின்னால் வரும் எட்டு வருடங்களுக்கு அதைக் கொண்டுபோக முடியும், அதுவும் ஊக லாபம் வந்தால் அதில் மட்டும் கழிக்க.

ஆணையைப் பாயிடம் கொடுத்து இதை விளக்கினேன்.

"அப்ப, மறுபடி அங்க போயி வெளையாடி ஜெயிச்சாத்தான் இந்தக் காயிதம் ஒதவுமாங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கு ஒதவாது, வக்கீலம்மா. நான் போறதா இல்ல."

வேனை விற்று வரியைக் கட்டினார். ஆறேழு மாதம் வாடகை வண்டியில் சரக்கு அனுப்பினார். எனக்குத் தர வேண்டியதையும் பாக்கி வைக்கவில்லை. அவர் சொல்லித்தான் கடைவீதியில் இன்னும் நாலைந்து பேர் என் மாடிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர், நஷ்டத்தைக் கூட்டிக் காட்டாமல் நியாயமாக வாதாடும் ஆள் வேண்டும் என்று கேட்டே வந்தார்.

பிறகு ஒவ்வொரு வருடமும் பாயின் கணக்கை எழுதும்போது அந்த ஊக நஷ்டத் தொகையை அதற்குரிய இடத்தில் எழுதினேன். கழிக்க எதுவும் இருக்காது, தொகை குறையாமல் அப்படியே அடுத்த வருடத்துக்குப் போகும். சந்தை மறுபடி ஏறிய வருடத்தில், ஒருமுறை மட்டும், பெங்களூர்ப் பக்கம் போனீர்களா என்று விசாரித்தேன். சரக்கெடுக்கப் போனதாகவும், அந்தத் தெருவில் திரும்பவில்லை என்றும் சொன்னார். எட்டாவது வருடம் கணக்கு முடிந்ததும் அந்தத் தொகை காலாவதியானது. அதற்கடுத்த கணக்கில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.