ஆறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த பட்டை

அந்தப் பட்டை கணக்கைவிடக் கூடுதலாக வளைந்தது என்பதை முதலில் நம்பாதவன் நான்தான். டயல் கேஜ் என் கைக்குப் பழகிய கருவி. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் காலை முதல் மாலைவரை அதன் முள்ளைப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். அப்போது உள்ளே இருக்கும் சின்ன முள் ஒரு எண் தள்ளி நிற்கும். இதில் எனக்குத் தப்பு வராது என்று ஒரு மிதப்பு இருந்தது.

அது ஆடி பிறந்து வந்த முதல் ஞாயிறு. இரண்டாவது ஞாயிறு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பேருந்தில், எங்கள் பக்கத்துக் கோயிலில் ஆடி முதல் ஞாயிறு மட்டும் ஊற்றும் கூழுக்குத் தூக்குவாளிகளோடு ஏறிய பெண்களை நினைவுபடுத்திப் பார்த்தபோதுதான் முதல் ஞாயிறு என்று தெளிந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான பொறியியல் வகுப்பு எங்களுடையது. ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஒரு பேட்சுக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்த கூட்டாளி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், கப்பலூரிலேயே வேறொரு தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். என் வயதுதான். அறிமுகமான அரை மணி நேரத்தில் என்னை மாப்ள ஆக்கிவிட்டார்.

அவர் எங்களுக்கு இரண்டு ஆண்டு முன்னால் சேர்ந்தவர். எல்லாத் தாளும் முடித்துவிட்டார். வருகை குறைந்ததால் இந்த ஒரு ஆய்வகம் மட்டும் நின்றுபோய், எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கம்பெனியில் உதவிப் பொறியாளர் இடம் ஒன்று காலி. பட்டம் கையில் வந்தால் அவருக்கு. இந்தப் பருவத்துக்குள் வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். இதை அவர் மறைக்கவே இல்லை. டீக்கடையில், பேருந்தில், எடை தூக்கும்போதுகூடச் சொல்வார்.

“பதினாலு வருசமா ஒரே மிசினுக்குக் கிரீஸ் வைக்கிறேன் மாப்ள. நேத்து வந்த பய, வாங்கண்ணே போங்கண்ணேன்னு வேலை ஏவுறான். மரியாதையா ஏவுறான் பாரு, அதான் தாங்க முடியல.”

சோதனை எளிது. ஆறு மில்லிமீட்டர் தடிமன், இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம் என்று பெயின்டில் எழுதிய இரும்புப் பட்டை. அறுநூறு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கத்திமுனைத் தாங்கிகள். நடுவில் எடை தொங்கும். அதற்கு நேர் கீழே டயல் கேஜின் ஊசி பட்டையின் அடிவயிற்றைத் தொட்டு நிற்கும். பட்டை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு முள் நகரும். நான் பட்டையை வெறுமனே வைத்து, முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினேன். பட்டறையில் எனக்கு அதுதான் பழக்கம்: பொருளைத் தொட்டதும் சுழியம். பிறகு அவர் நடுவில் எடைகளைத் தாங்கும் கொக்கியான ஹேங்கரை மாட்டி, அதில் ஐந்து ஐந்து நியூட்டனாக எடை போட்டார்.

ஐந்து நியூட்டனுக்கு 0.38. பத்துக்கு 0.66. அப்புறம் 0.93, 1.21, 1.49.

சூத்திரப்படி முதல் எடைக்கு 0.25, கடைசிக்கு 1.25 வரவேண்டும். முதல் வரியிலேயே பாதிக்கு மேல் வித்தியாசம். மறுபடி எடுத்தோம். அதே எண்கள்தான், கடைசி இலக்கம் மட்டும் ஒன்று முன்பின்.

ஆய்வக ஆசிரியை எங்களைவிடப் பத்து வயது இளையவர். எங்களைத் திட்ட அவருக்குக் கூச்சம். ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். இருவரின் ரெக்கார்டையும் புரட்டினார்.

“வித்தியாசத்துக்குக் காரணம்னு உராய்வு, பார்வைப் பிழைன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் எல்லாச் சோதனைக்கும் இதைத்தான் எழுதுறீங்க.”

“உராய்வு இருக்குமே மேடம்,” என்றார் நண்பர்.

“இருந்தா தொய்வு குறையணுமே சார். உங்களுக்குக் கூடியிருக்கு. உராய்வு என்ன, பட்டையைப் பிடிச்சுக் கீழ இழுக்குமா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். காரணத்தை ஒழுங்காக எழுதி வந்தால்தான் கையெழுத்து என்று இரண்டு ரெக்கார்டையும் திருப்பித் தந்துவிட்டார். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது.

டீக்கடையில் நண்பர் கொதித்தார். “ரெண்டாயிரம் பேரு ரெக்கார்டு எழுதிட்டுப் போயிட்டான். நம்மகிட்டதான் பட்டைக்குக் கிறுக்குப் பிடிக்கணுமா? தியரியை முதல்ல போட்டுக்க மாப்ள. அதுல இருந்து ரீடிங்கைப் பின்னாடி எழுதிக்கிட்டு வா. அப்படியே எழுதிறக் கூடாது, கொஞ்சமா தப்பைத் தூவணும். குழம்புக்கு மல்லித்தழை மாதிரி.”

“ரெக்கார்டு கொடுக்க இன்னும் மூணு வாரம் இருக்கே. என்னன்னு பார்ப்போமே.”

“பாரு. நீ பார்த்துக்கிட்டே இரு. எனக்கு அம்புட்டு நேரம் இல்ல.”

திருநகர் வீட்டில் அந்த வாரம் முழுக்க அந்த ஐந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதவீதமாகப் பார்த்தால் குழப்பம்: முதல் எடைக்கு ஐம்பத்திரண்டு, கடைசிக்குப் பத்தொன்பது. கழித்துப் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஐந்து நியூட்டனுக்கும் 0.25 கூடவேண்டிய இடத்தில் கூடியது 0.28 அல்லது 0.27, ஒரே சீராக. அப்படியானால் இரண்டு தப்புகள் கலந்திருக்கின்றன. ஒன்று ஒவ்வொரு எடையோடும் வளர்கிறது. இன்னொன்று ஆரம்பத்திலேயே ஒருமுறை நுழைந்து அப்படியே தங்கியிருக்கிறது.

தங்கியிருப்பது எது என்று புதன்கிழமை மதியம், பட்டறையில் கேஜைச் சுழியத்துக்குத் திருப்பும்போது புரிந்தது. நாங்கள் ஹேங்கரை மாட்டும் முன்பே சுழியம் வைத்துவிட்டோம். ஹேங்கருக்கும் எடை உண்டு. அது பட்டையை இறக்கியிருக்கும். அதை எந்த வரியிலும் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு முன்கூட்டியே போய் ஹேங்கரைத் தராசில் வைத்தேன். இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 0.11 மில்லிமீட்டர் அதிலேயே அடங்கிவிட்டது. பிறகு ஆய்வக இழுப்பறையில் இருந்த மைக்ரோமீட்டரால் பட்டையை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்தேன். 5.80. எத்தனையோ ஆண்டுகள் துருவேறி, துருவேறியதை எமரித்தாள் போட்டுத் தேய்த்து, தேய்த்ததன்மேல் மறுபடி ‘ஆறு’ என்று பெயின்ட் அடித்திருக்கிறார்கள். குறைந்தது 0.2தான். ஆனால் சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில் தடிமன் மூன்று முறை பெருக்கப்படுகிறது. அதனால் தொய்வு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். கடைசி எடைக்கு 1.25 இல்லை, 1.38 வரவேண்டும். ஹேங்கரையும் சேர்த்தால் 1.49. நாங்கள் எடுத்தது அதுவேதான்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. உடனே நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“மாப்ள, ரீடிங் சரிதான். பட்டைதான் ஆறு இல்ல. அஞ்சு புள்ளி எட்டு. தியரியை மாத்தணும்.”

அவர் சிரித்தார். “நான் ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டேன் மாப்ள. வெள்ளிக்கிழமை காலேஜுக்குப் போனேன், மேடம் லீவு. வேற சார்ட்ட நீட்டினேன், பார்க்காமலே போட்டுட்டாரு.”

“எந்த ரீடிங்?”

“நம்ம மல்லித்தழைதான். பழைய பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதிட்டேன்.”

“அந்த ரீடிங் இந்தப் பட்டையில வரவே வராது. ஒரு தடவை மாத்தி எழுதிரு.”

“அடிச்சுத் திருத்தினா மறுபடி கையெழுத்துக்கு அலையணும். ரெக்கார்டை எவன் படிக்கப் போறான்? கனத்தை எடை போட்டுத்தான பாப்பாங்க. நீ போய் வேலையப் பாரு.”

நான் என் காரணங்களை எழுதி ஆசிரியையிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நண்பரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செய்முறைத் தேர்வு, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெதுவான பேச்சு. குலுக்கலில் எனக்கு முறுக்குச் சோதனை, நண்பருக்குச் சுருள்வில். இருவருமே நன்றாகச் செய்தோம். பிறகு பேட்ச் பேட்சாகக் கேள்விகளுக்குக் கூப்பிட்டார்.

என் ரெக்கார்டை முதலில் எடுத்தார். பட்டைச் சோதனைப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே படித்தார். “ஹேங்கரை எடை போட்டீங்களா? நல்லது,” என்றார். பிறகு நண்பரின் ரெக்கார்டை எடுத்து, நேராக அதே சோதனைக்குத் திருப்பினார்.

0.24, 0.51, 0.74, 1.01, 1.24. தலைகீழாகப் பார்த்தும் எனக்கு அந்த எண்கள் தெரிந்தன.

“ரெண்டு பேரும் ஒரே பேட்ச்தானே? தேதியும் ஒண்ணுதான்.”

“ஆமா சார்,” என்றார் நண்பர்.

தேர்வாளர் எழுந்து, பட்டையையும் மைக்ரோமீட்டரையும் அவர் முன்னால் வைத்தார். “நீங்களே அளங்க.”

நண்பர் அளந்தார். மராமத்து வேலை பார்க்கும் கை. அளவெடுக்கத் தெரியாத கை அல்ல. மைக்ரோமீட்டரின் திருகை மூன்று முறை தளர்த்தி மூன்று முறை மூடினார். “அஞ்சு புள்ளி எட்டு சார்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“இந்தத் தடிமனுக்குக் கணக்குப்படியே ஒண்ணு புள்ளி மூணு எட்டு இறங்கணும். உங்களுக்கு ஒண்ணே கால்கூட இறங்கல. இல்லாத தடிமனுக்கு எப்படி சார் இம்புட்டுப் பொருத்தமா ரீடிங் வந்துச்சு?”

நண்பர் மைக்ரோமீட்டரை மேசையில் வைத்தார். தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். “சோதனை அன்னைக்கு இவர் வந்திருந்தாரா?”

அவரைக் காப்பாற்றும் கேள்வி என்று நினைத்தேன். “வந்திருந்தார் சார். எடை எல்லாம் அவர்தான் போட்டார்,” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வராமல் போயிருந்தால், என்னிடம் வாங்கி எழுதியதில் தப்பு நேர்ந்தது என்றாவது போயிருக்கும். வந்திருந்து, கண்ணால் பார்த்துவிட்டு, வேறு எண்களை எழுதியிருக்கிறார் என்று நான்தான் உறுதி செய்துவிட்டேன். ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்வாளர் கத்தவில்லை. அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ரெக்கார்டை மூடினார். கார்த்திகையில் முடிவு வந்தது. நண்பருக்கு அந்த ஆய்வகம் மறுபடி நின்றுவிட்டது. தை மாதம் அவர் கம்பெனிக்கு உதவிப் பொறியாளர் வெளியிலிருந்து வந்தார்.

அதன் பிறகு இரண்டு முறை கப்பலூர் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒருமுறை என்னைப் பார்த்ததும் பேருந்தில் ஏறிவிட்டார். இன்னொருமுறை, “எப்படி இருக்கீங்க?” என்றார். மாப்ள இல்லை. அந்த ‘இருக்கீங்க’ என்னை வீடுவரை தொடர்ந்து வந்தது.

சித்திரைத் திருவிழா முடிந்து வந்த ஞாயிறு ஆய்வகத்திலிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டார். மறு தேர்வுக்காக மீண்டும் ஞாயிறுகளில் போகிறாராம். புதிய கூட்டாளி, சின்னப் பையன் மாதிரி இருக்கிறானாம்.

“அந்தப் பட்டை இன்னும் அதேதான். மேல புதுசா ஆறுன்னு பெயின்ட் அடிச்சிருக்காங்க,” என்றார்.

“நான் வேணா வரட்டுமா?”

“வேணாம். அளந்துட்டேன். அஞ்சு புள்ளி ஏழு எட்டு வருது.” கொஞ்சம் நிறுத்தினார். “போன தடவை எட்டு. இப்ப ஏழு எட்டு. மறுபடி தேச்சிருப்பாங்களா, இல்ல நான் திருகை அதிகமா முறுக்கிட்டேனா?”

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றேன். பெயின்டைச் சுரண்டிவிட்டு மூன்று இடத்தில் அளந்து பார்க்கச் சொன்னேன்.

“சரி. அளந்துட்டுக் கூப்பிடுறேன்,” என்றார். அன்று மாலைவரை தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை.