எழுத இடமிருந்த கடல்

விடைத்தாள் திருத்தப் போகும் ஆசிரியர்களில் இரண்டு வகை உண்டு. தலையணை கொண்டு வருகிறவர்கள், கொண்டு வராதவர்கள். பள்ளிக்கூட பெஞ்சில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தால் மூன்றாம் நாள் இரண்டாம் வகைக்காரர்களும் முதல் வகைக்கு மாறிவிடுவார்கள். நான் முதல் நாளிலிருந்தே தலையணையோடு போகிறவள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவேன். நடத்துநர் ஒருமுறை யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தாம் வகுப்பை என்று சொன்னேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. திருத்தும் முகாமில் என்னிடம் தலையணை தவிர இன்னொரு சொத்தும் இருந்தது. என் வீட்டுக்காரரின் முழங்கால் எக்ஸ்ரே. அந்தப் படத்தைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்தால் முழங்கால் போய்விடும், கண்ணாடித் தாள் மிஞ்சும். அதைத் தேர்வில் கொடுக்கும் வெற்று வரைபடத்தின் மேல் வைத்து, கரையோரக் கோட்டை அப்படியே வரைந்து, விடைகள் வரவேண்டிய இடங்களில் சூடான ஊசியால் துளை போட்டிருந்தேன். மாணவரின் வரைபடத்தின் மேல் இதை வைத்தால் போதும். துளைக்குள் குறி தெரிந்தால் ஒரு மதிப்பெண், தெரியாவிட்டால் சுழி. கண் வலிக்காது, மனசும் வலிக்காது.

வரைபடக் கேள்வியில் என்னென்ன கேட்பார்கள் என்பது எங்களுக்கு அத்துப்படி. மலை மாறும், அணை மாறும், ஆனால் கடலை விடமாட்டார்கள். வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, கோடியக்கரை முனை, இவற்றில் குறைந்தது இரண்டு வந்தே தீரும். ஆறு வருடமாக அதே எக்ஸ்ரே தாளை வைத்துத்தான் திருத்தினேன். எங்கள் மேசையில் மற்ற ஆசிரியர்களும் வாங்கி வைத்துத் திருத்துவார்கள். கேட்டதும் கொடுத்துவிடமாட்டேன். 'ரெண்டு தடவ கேட்டாத்தான் பொருளுக்கு மரியாத' என்பது என் கொள்கை.

ஆறாவது வருடம், முகாமின் நான்காம் நாள் காலை. வெளி மாவட்டத்துத் தாள்கள். யார் எழுதியது, எந்த ஊர் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. எனக்கு வந்த கட்டில் ஒரு தாள், கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. வரலாறு முழுக்க அவுட். அந்தப் பிள்ளை எழுதியதை நம்பினால் இரண்டு உலகப் போரும் ஒரே வருடத்தில் நடந்திருக்க வேண்டும். ஆனால் 'வேறுபடுத்துக' என்ற கேள்விக்கு வந்ததும் கையெழுத்துகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது.

தீபகற்பத்துக்கும் முனைக்கும் வேறுபாடு கேட்டிருந்தார்கள். 'தீபகற்பம் என்றால் மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் நடந்தே ஊருக்குப் போகலாம். முனை என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும் நிலத்தின் நுனி. அதற்கு மேல் நடக்க முடியாது.' வளைகுடாவும் விரிகுடாவும்: 'இரண்டும் நிலத்துக்குள் புகுந்த கடல்தான். வளைகுடா ரொம்ப உள்ளே போகும், வாய் குறுகல். விரிகுடாவுக்கு வாய் அகலம்.' அதற்கும் கீழே, கேட்காமலேயே ஒரு வரி: 'நீரிணை என்பது வேறு. இரண்டு நிலத்துக்கு நடுவில் ஒடுக்கமான கடல். இந்தக் கடலில் நுழைந்து அந்தக் கடலில் வெளியே வரலாம்.'

பாடநூலில் இப்படி இல்லை. இதைவிட நீளமாக, இதைவிட மோசமாக இருக்கும். முழு மதிப்பெண் போட்டேன். சந்தோஷமாகவே போட்டேன் என்று சொல்ல வேண்டும், நான்கு நாளில் முதல் சந்தோஷம் அது.

பிறகு வரைபடம். எக்ஸ்ரே தாளை வைத்தேன். மன்னார் வளைகுடா துளைக்குள் வந்தது. பாக் நீரிணை வரவில்லை. துளைக்கு வடகிழக்கே, கோடியக்கரையின் நுனிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில், வாசலுக்கு நிலை வைத்த மாதிரி இரண்டு சிறு கோடுகள் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. பக்கத்தில் அம்புக்குறி. சுழி போட்டேன். கை தானாகப் போட்டது.

கூட்டினேன். முப்பத்து நான்கு.

தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. ஒன்றிரண்டு குறைந்து நிற்கும் தாளை அப்படியே அனுப்ப முடியாது, எங்கள் மேசையின் முதன்மைத் தேர்வாளர் மறுபடி பார்க்க வேண்டும். அவர் நெல்லிக்குப்பத்துக்காரர், தலைமை ஆசிரியர், பச்சை மைப் பேனா வைத்திருப்பவர். யாருக்காவது எங்கேயாவது ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதில் அவருக்கு ஒரு ருசி. வரலாற்றைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். வரைபடத்தில் வந்து நின்றார்.

"நீரிணைக்கு ஏன் மேடம் சுழி?"

"துளையில வரல சார்."

அவர் என் எக்ஸ்ரே தாளை வாங்கி வைத்துப் பார்த்தார். "ஆமா, வரல. உங்க ஷீட்டுல வரலன்னா வேற எங்க வரப்போவுது," என்று பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டால் அந்தத் தாள் முடிந்தது. அந்தப் பிள்ளை மறுபடி ஒரு தேர்வு எழுத வேண்டும், அல்லது எழுதாமலேயே விட்டுவிடும். நிறையப் பிள்ளைகள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"ஒரு நிமிஷம் சார்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், அந்த வரி உறுத்தியது. இந்தக் கடலில் நுழைந்து அந்தக் கடலில் வெளியே வரலாம். அதற்கு நான்தான் முழு மதிப்பெண் போட்டேன். நாலு பக்கம் தள்ளி, அந்த வரி சொன்னபடியே வரைந்ததற்குச் சுழியும் நான்தான் போட்டேன். என் துளையை உற்றுப் பார்த்தேன். அது கோடியக்கரைக்குத் தெற்கே, ராமேஸ்வரத்துக்கு மேலே, நல்ல விசாலமான தண்ணீரில் இருந்தது. அதில் ஒடுக்கம் எங்கே இருக்கிறது? கல்யாண மண்டபம் மாதிரி அகலம்.

"இந்த எடம் ஒடுக்கமாவா இருக்கு?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். அவர் காட்டுமன்னார்கோயில் பள்ளியிலிருந்து வருபவர். அன்று காலை முழுக்க என் தாளை வைத்துத்தான் திருத்தியிருந்தார்.

"மேப்புலயே அப்டித்தான் போட்டுருக்கு மேடம்," என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் வரைபடம் தொங்கியது. உண்மைதான். பாக் நீரிணை என்ற எழுத்துகள் கோடியக்கரைப் பக்கம் ஆரம்பித்து, இறங்கி, முக்கால்வாசி அந்த அகலத் தண்ணீரில்தான் கிடந்தன. முதன்மைத் தேர்வாளர் பியூனை அனுப்பி ஆசிரியர் அறையிலிருந்து பெரிய அட்லஸை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பக்கத்தில் கடல் பெரிதாக இருந்தது. ஆகவே இரண்டு பெயர்களுக்கும் இடம் இருந்தது. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கும் நடுவே, ஒடுங்கிய இடத்தில், பாக் நீரிணை. அதற்குத் தெற்கே விரிந்த தண்ணீரில் பாக் விரிகுடா. அதற்கும் தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகள், அதைத் தாண்டினால் மன்னார் வளைகுடா.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. ஒடுக்கமான இடத்தில் பெயர் எழுத முடியாது. அதனால் அச்சடிப்பவர் பக்கத்தில் காலியாக இருந்த தண்ணீரில் எழுதுகிறார். நாங்கள் கரும்பலகையில் எழுத்து இருந்த இடத்தில் புள்ளி வைக்கிறோம். நான் புள்ளி இருந்த இடத்தில் துளை போட்டேன். இப்படி ஒரு நீரிணையை நகர்த்தி விரிகுடாவுக்குள் போட ஆசிரியர்களால் மட்டும்தான் முடியும். எந்த மீன்பிடிப் படகுக்காரரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார், செய்தால் வீடு திரும்ப மாட்டார்.

பெயர் வைத்தவர்களும் யோக்கியம் இல்லை. மன்னார் வளைகுடாவின் தெற்கு வாய் ஆவென்று திறந்து கிடக்கிறது, அது வளைகுடாவாம். பாக் விரிகுடாவோ ஏறக்குறைய மூடிய பாத்திரம், அது விரிகுடாவாம். எங்கள் இலக்கணத்தைக் கேட்டு யாரும் கடலுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் நீரிணை விஷயத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

காட்டுமன்னார்கோயில்காரர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இந்தத் தாளுக்கு மட்டும் ஒரு மார்க்கப் போட்டு உட்ருங்க. நாலு நாள் கட்டு. கெளறுனா நம்ம எல்லாருக்கும் வேல ஜாஸ்தி."

நியாயமான யோசனை. இரண்டு விநாடி எனக்கும் பிடித்திருந்தது. முப்பத்தைந்து ஆகிவிடும், பிள்ளை தப்பித்துவிடும், ஆறு வருடக் கெட்டிக்காரி என்ற பெயரும் தப்பித்துவிடும். ஆனால் இது எனக்குக் கண்ணில் பட்ட பிள்ளை. கண்ணில் படாத பிள்ளைகள், திருத்திய தாள்களைப் பூட்டி வைத்திருந்த அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தார்கள்.

"என் ஷீட்டு தப்பு சார்," என்று முதன்மைத் தேர்வாளரிடம் சொன்னேன். "நாலு நாளா தப்பு. இந்த மேசையில எல்லாத் தாளையும் மறுபடி பாக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்ன கடிதம் அது, எழுத அதிக நேரம் எடுத்ததும் அதுதான். முகாம் அலுவலர் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அலமாரிச் சாவியைக் கொடுத்தார். விட்ட மதிப்பெண்ணைச் சேர்ப்பது, கொடுத்துவிட்டதைப் பிடுங்குவதில்லை என்று முடிவானது. துளையை நம்பிப் படித்த பிள்ளைகள் மேல் என்ன தப்பு? மேசையில் ஆறு பேர் சாயங்காலம் வரை உட்கார்ந்து வரைபடங்களை மட்டும் புரட்டினோம். யாரும் என்னோடு பேசவில்லை. காட்டுமன்னார்கோயில்காரருக்குப் பேருந்து போய்விட்டது, அதை மூன்று முறை பொதுவாகச் சொன்னார். ஒவ்வொரு கட்டிலும் ஒருவரோ இருவரோ சரியாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுழியையும் அடித்து ஒன்று போட்டபோது எனக்கு முகம் எரிந்தது.

அந்தத் தாளின் முகப்பில் பச்சை மையில் முப்பத்தைந்து விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். முந்தைய ஐந்து வருடத் தாள்களைப் பற்றி முதன்மைத் தேர்வாளரிடம் கேட்டேன். அதெல்லாம் இப்போது இருக்காது என்றார். சிதம்பரம் வரும் வரை தலையணையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்குக் கடல் பாடம் வந்ததும் கரும்பலகையில் கரையை வரைந்து, ஒடுங்கிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து, தூரத்தில் பெயரை எழுதி, அம்புக்குறி போட்டேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க அக்காவும் உங்க கிட்டதான் படிச்சா. அவ நோட்டுல வேற எடத்துல இருக்கு மிஸ்."

"நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்," என்றேன். "அக்காவுக்கு எவ்ளோ மார்க்கு?"

"தொண்ணூத்தி ஒம்போது மிஸ். அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு இன்னும் தேடிக்கினு இருக்கா."