ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு

பல்கலைக்கழக அலுவலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் மூன்றாவது மேசை அவளுடையது. இடது ஓரம் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா, பக்க எண் நடுவில் நிற்கிறதா என்று எஃகு அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் பதினோரு வருட உத்தியோகம். முனைவர் பட்டத்துக்கு அலைகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை ஸ்கேல் மேடம் என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்த ஒருவன்கூட இன்னும் பிறக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆய்வேடுகளின் உள்ளே அவள் போவதில்லை. பொருளடக்கத்தோடு நின்றுவிடுவாள். அதுவே போதும் என்பது அவள் கட்சி. முன்னுரை, ஆய்வு முன்னோடிகள், ஆய்வு முறை, பகுப்பாய்வு ஒன்று, பகுப்பாய்வு இரண்டு, முடிவுரை. மீன் வளர்ப்பானாலும் சரி, சோழர் காலக் கல்வெட்டானாலும் சரி, இந்த ஆறும்தான். மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான் என்பதுபோல, யார் எதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு வரியிலும் இருக்காது. "மருந்துக் கடைக்காரன் எல்லா பாட்டில்லயும் 'மருந்து'ன்னு ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். படித்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சுகமே தனி.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவள் கணவர் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். நகரப் பேருந்துகளில் பெண் பயணிகள் ஏன் குறைந்தார்கள் என்று ஏழு வருடம் ஆராய்ந்து, இருநூற்றெண்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியூர்த் தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். தரவு நன்றாக இருக்கிறது, உழைப்பு தெரிகிறது, ஆனால் ஆய்வாளர் என்ன சொல்ல வருகிறார் என்று கடைசிப் பக்கம்வரை தெரியவில்லை. அத்தியாயத் தலைப்புகளையும் உட்தலைப்புகளையும் திருத்தி, பொருளடக்கத்தைப் படித்தாலே வாதம் விளங்கும்படி நான்கு வாரத்தில் தரவேண்டும் என்று குறிப்பு. தவறினால் பதிவு காலாவதி. பருவம் முடிவதற்குள் பட்டம் வந்தால்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர். வராவிட்டால் அடுத்த வருடம் அந்தத் தற்காலிக நாற்காலியும் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

விரிவுரையாளருக்கு ஒரே கோபம். ஏழு வருட உழைப்பைப் பார்த்துவிட்டுத் தலைப்பு சரியில்லை என்கிறானே, கல்யாண வீட்டுக்கு வந்து பந்தல் துணியின் நிறத்தைக் குறை சொல்லுகிறவன் என்று திட்டினார். அவள் பொருளடக்கத்தை வாங்கிப் பார்த்தாள். முன்னுரை, ஆய்வு முன்னோடிகள், ஆய்வு முறை, பகுப்பாய்வு ஒன்று, பகுப்பாய்வு இரண்டு, முடிவுரை. தன் வீட்டுக்குள்ளேயே ஆறு பாட்டில்! அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புதுத் தலைப்புகளோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். 'சக்கரங்களின் மௌனம்', 'காத்திருக்கும் கண்கள்', 'கைவிட்ட கைப்பிடிகள்'. மனிதருக்குப் பள்ளிக்கூடத்தில் விட்ட கவிதை முப்பது வருடம் கழித்துப் பீறிட்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு தேர்வாளர் பேருந்து ஓட்டுவதா, அழுவதா என்று அவள் கேட்டாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் ஞாயிறு கொண்டுவந்தது கொஞ்சம் தேவலை. ஆனால் ஒரு தலைப்பு கேள்வியாக இருந்தது, ஒன்று வெறும் பெயராக, ஒன்று இரண்டு வரி வாக்கியமாக. நான்காம் அத்தியாயத்தின் உட்பிரிவுகளில் ஒன்று 'வேலைக்குச் செல்வோர்', அடுத்தது 'குழந்தையோடு ஏறுவது ஏன் கடினம்?', மூன்றாவது 'சுமை'. மூன்றும் ஒரே தட்டில் வைக்க வேண்டிய மூன்று காரியங்கள் என்று எழுதியவருக்கே தெரியாத மாதிரி. "மூணு பேரையும் ஒரே வரிசைல நிக்க வைக்கணும்னா மூணு பேரும் ஒரே மாதிரி நிக்கணும். ஒருத்தன் உக்காந்து, ஒருத்தன் படுத்து இருந்தா எப்படி?" என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர் பார்க்காமல் ஒரே மூச்சில் சொல்லவேண்டும்: அதில் என்ன தெரிந்தது? சொன்னதைத் தலைப்பாக்க வேண்டும். எல்லாம் முழு வாக்கியம், எல்லாம் ஒரே அளவில். அத்தியாயத்தில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. விதிப் புத்தகத்தில் அத்தியாயத்துக்கு எண் வேண்டும் என்றுதான் இருக்கிறது, 'பகுப்பாய்வு' என்று பெயர் வைக்கச் சொல்லி எங்கேயும் இல்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

வந்தது. இரண்டாம் அத்தியாயம்: 'முந்தைய ஆய்வுகள் கட்டணத்தை அளந்தன, நடைதூரத்தை அளக்கவில்லை'. மூன்றாவது: 'பன்னிரண்டு தடங்களை ஒப்பிட்டால் கட்டணத்தையும் நடைதூரத்தையும் தனித்தனியே பார்க்கலாம்'. நான்காவதுக்கு அவர், 'நிறுத்தங்களை நீக்கியதால் பெண்கள் பேருந்தையே கைவிட்டார்கள்' என்றார். கைவிட்டவர்கள் ஷேர் ஆட்டோவில் போனார்களா, பக்கத்துத் தடத்தில் ஏறினார்களா என்று போய்ப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். பார்க்கவில்லை. பேருந்துக்குள் இருந்த தலைகளைத்தான் எண்ணியிருந்தார். 'நிறுத்தங்கள் நீக்கப்பட்ட தடங்களில் பெண் பயணிகள் குறைந்தார்கள்' என்று சுருங்கியது. அதன் கீழே வேலைக்குச் செல்வோர் காலையில் குறைந்தார்கள், குழந்தையோடு வருவோர் பள்ளி நேரத்தில் குறைந்தார்கள், சுமையோடு வருவோர் சந்தை நாளில் குறைந்தார்கள் என்று மூன்றும் ஒரே அச்சில் வந்து நின்றன. விரிவுரையாளர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தான் எழுதியதுதானா என்று சந்தேகம் வந்தவர் மாதிரி இருந்தது.

ஐந்தாம் அத்தியாயத்தில் வண்டி நின்றது. என்ன தெரிந்தது என்று கேட்டால் பல்வேறு கோணங்கள் என்றார். இன்னொரு முறை கேட்டால் கட்டணத்தின் பன்முகத் தாக்கம் என்றார். கடைசியில் அதுக்கு மட்டும் 'பகுப்பாய்வு இரண்டு' என்றே இருக்கட்டுமே என்று கெஞ்சினார்.

அவள் பதினோரு வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள். உள்ளே போனாள். ஐம்பத்தொரு பக்கம் படித்தாள். நாற்பத்தாறாம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, மூன்று வரி. கட்டணம் மட்டும் உயர்ந்து, நிறுத்தம் எதுவும் நீங்காத, எட்டாம் தடம் உட்பட ஐந்து தடங்களில் பெண் பயணிகள் குறையவே இல்லை.

கட்டண உயர்வுதான் பெண்களை விரட்டியது என்பது அவருடைய ஆய்வு வழிகாட்டியான கைடின் பெயர்போன கருத்து. அதை வைத்துத்தான் அந்த மனிதர் இரண்டு புத்தகம் போட்டு, மாநாடு மாநாடாக மாலை வாங்கியிருந்தார். மாணவரின் எண்கள் அதைக் குப்புறக் கவிழ்த்திருந்தன. மாணவரோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மேலே 'பகுப்பாய்வு இரண்டு' என்று மூடி போட்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"வேற என்ன செய்யச் சொல்ற? அவர் கையெழுத்து இல்லாம ஒரு தாளும் நகராது."

பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டாள். எல்லா மடையர்களையும்போல அந்த ஆறு தலைப்பையும் யாரிடமோ பார்த்துக் காப்பியடித்தீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் மேசைக் கண்ணாடிக்குக் கீழ ஒரு மாதிரிப் பொருளடக்கம் இருக்கே, அதுலேருந்துதான் எடுத்தேன். எல்லாரும் அதைத்தான் போன்ல படம் புடிச்சுட்டுப் போறாங்க. டைப் பண்ணினது நீதான்."

உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புள்ளிக்கோடும் பக்க எண்ணும் எப்படி வரவேண்டும் என்று காட்டுவதற்காக, வாய்க்கு வந்த ஆறு சொற்களை அடித்துச் செருகி வைத்திருந்தாள். பதினோரு வருடம் படித்தவர்களைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் மல்லாந்து படுத்து உமிழ்ந்த கதை. திங்கட்கிழமை கண்ணாடியைத் தூக்கி அந்தத் தாளை உருவிக் கிழித்தபோது, பக்கத்து மேசைக்காரி ஏன் என்று கேட்டாள். பழசாகிவிட்டது என்று பொய் சொன்னாள். காது மடல் சுட்டது.

அன்று மாலை விரிவுரையாளர் தானாகவே எழுதி நீட்டினார். ஐந்து: 'கட்டணம் மட்டும் உயர்ந்த தடங்களில் பெண் பயணிகள் குறையவில்லை'. நான்காவதுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் ஜாடிக்கேற்ற மூடி. ஆறாவது தானே வந்து விழுந்தது: 'பெண் பயணிகள் திரும்ப வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது நிறுத்தங்களை, கட்டணத்தை அல்ல'. இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். பயந்தாலும் எழுதிவிட்டாரே என்று அவர்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

மறு சமர்ப்பிப்புப் படிவத்தில் கைடு ஆய்வேட்டுப் பிரிவுக்கே வந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கடைசி நாளுக்கு முந்தைய நாள் வந்தார். கணவரின் கோப்பை அவள் தொடக்கூடாது என்பதால் அது பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. அவள் யாருடைய ஓரத்தையோ அளந்துகொண்டிருந்தாள். ஒரே தாளை நான்காவது முறையாக.

கைடு பேனாவைத் திறந்துகொண்டே பொருளடக்கத்தைப் புரட்டினார். பேனா நின்றது. இது எப்போது எழுதியது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்தாவதைப் பழையபடி 'பகுப்பாய்வு இரண்டு' என்று மாற்றிக் கொண்டுவந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். வீடு, வேலை, ஏழு வருடம் எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கியது. இவர் சரி சார் என்று சொல்லிவிடப் போகிறார் என்று அவள் பயந்தாள்.

"தலைப்ப மாத்தலாம் சார்" என்றார் விரிவுரையாளர். "உள்ள இருக்கறது மாறாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த அத்தியாயத்தை முழுசா படிச்சேன்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள் இதே கோப்புல இருக்கு. அதே அத்தியாயம்தான். ஒரு எழுத்துகூட மாத்தல."

பக்கத்து மேசைக்காரி, அவளை யாரும் கேட்காமலேயே, அந்தத் தாளை எடுத்து மேலே வைத்தாள். வரிசையில் யாரோ இருமினார்கள். கைடு தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து, நின்றபடியே, அட்டவணைகளில் விரலை ஓட்டிப் படிக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்கேல் மேடம் அளப்பதை நிறுத்தியிருந்தாள்.

தலைப்பை மாற்றச் சொல்லாமலே அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"எட்டாம் தடத்துல நிஜமாவே குறையலையா?"

ஏழு வருடத்தில் அந்த ஆய்வைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இல்ல சார்" என்றார் விரிவுரையாளர். "கொஞ்சம் கூடியிருக்கு."