அவள் எடுத்துக்கொள்ளாத கேள்வி

பதிவு எண் 41. பதினெட்டு நிமிடம். தாராவியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரப் பேச்சு. அந்த வீடு சங்கரேஸ்வரியுடையது. அதில் பேசுகிற அவள் கணவன் ராஜபாண்டி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

செம்பூரில் ஒரு மொழி ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலை. மும்பைத் தமிழர் வீடுகளில் பதிவான பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு வரியும் அந்த நேரத்தில் பேச்சில் நிற்கிற எந்தக் கேள்விக்குப் பதில் என்று குறிக்க வேண்டும். கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டியதில்லை. பெரிய கேள்விக்குள் சின்னக் கேள்வி வரும். சின்னது தீர்ந்ததும் பேச்சு பெரியதற்குத் திரும்பும். எந்தக் கேள்விக்கும் பதிலாகவோ, பதிலுக்கு வழியாகவோ இல்லாத வரிக்கு 'விலகல்'. தன் வீட்டுப் பதிவைத் தானே குறிக்கக் கூடாது என்பது விதி. அவன் குரலைக் கேட்கிற ஆசையில், அது தன் வீடு என்று சங்கரேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே பதிவை இருவர் தனித்தனியே குறிப்பார்கள். இன்னொருத்தி மாட்டுங்கா ஷாலினி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அவள் கையில் இருந்தது எழுத்துப் படி மட்டும். அதில் பேசுகிறவர்களின் பெயர் கிடையாது. ஆண், பெண், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஒப்பிட உட்கார்ந்தார்கள். "மாத்திர போட்டியளா?" என்கிறாள் பதிவில் வரும் பெண். காஸ் புக் பண்ணுகிற நம்பரை உன் போனுக்கு மாற்றிக்கொள் என்கிறான் ஆண். ரசம் ஊற்றவா என்றால், ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்கிறான். மறுபடி மாத்திரை என்றால், கோவண்டி செல்லப்பாண்டியை நம்பலாம், எதுவானாலும் அவனைக் கூப்பிடு என்கிறான்.

இப்படிப் பதினொரு வரி. எல்லாவற்றுக்கும் 'விலகல்' போட்டிருந்தாள் சங்கரேஸ்வரி. ராஜபாண்டியின் நோய் முற்றிவிட்டதை டாக்டர் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அவனிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனான் என்பதுதான் இந்த எட்டு மாதமும் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

ஷாலினி பதினொன்றையும் ஒரே கேள்வியின் கீழ் வைத்திருந்தாள்: 'நான் போன பிறகு இவள் எப்படிச் சமாளிப்பாள்?'

"விலகல்னு போடறதுக்கு முன்னாடி, எந்தக் கேள்வி இருந்தா இது பொருந்தும்னு பார்க்கச் சொல்லிக் கையேட்டுல இருக்கே, அக்கா."

சங்கரேஸ்வரி விடவில்லை. ஒருத்தர் மனசில் இருந்தால் மட்டும் அது பேச்சின் கேள்வி ஆகிவிடாது, மற்றவரும் ஏற்க வேண்டும், இந்தப் பெண் ஏற்கவே இல்லையே என்று வாதாடினாள்.

ஷாலினி அதை ஒத்துக்கொண்டாள். "ஆனா புரியாம இல்ல, அக்கா. காஸ் நம்பர் எதுக்குன்னு ஒரு தடவகூட அவ கேக்கல பாருங்க. பேச்ச மாத்தாதியன்னுதான் சொல்றா. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ எடுத்துக்கல."

சங்கரேஸ்வரி தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பதினொரு தடவை பேச வந்திருக்கிறான். பதினொரு தடவையும் மாத்திரையையும் ரசத்தையும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"அது எங்க வீடு, ஷாலினி," என்றாள்.

விதிப்படி சங்கரேஸ்வரி குறித்தவை நீக்கப்பட்டன. திங்கட்கிழமை முதல் அந்தப் பதிவை மையத்தின் இன்னொரு ஊழியரான நாகராஜ் குறிப்பார்.